ஒரே வாரத்தில் மூன்று அறிவியல் தேர்வுகள்: ஏழு நாள் அட்டவணை

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவருக்குத் திங்களன்று இயற்பியல், புதனன்று வேதியியல், வெள்ளியன்று உயிரியல் என்று திருப்புதல் தேர்வு வருவதாகக் கொள்வோம். முந்தைய சனிக்கிழமை காலையிலிருந்து எண்ணினால் கடைசித் தேர்வு வரை சுமார் ஆறு நாள் கையில் இருக்கிறது. அதில் மூன்று முற்பகல்கள் தேர்வு அறையிலேயே போய்விடும். பாடங்களை ஒரு முறையாவது படித்து முடித்தவர் மீதியுள்ள நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே இங்கே கேள்வி.

பெரும்பாலோர் போடும் அட்டவணை எளிமையானது. சனி, ஞாயிறு முழுக்க இயற்பியல், செவ்வாய் வேதியியல், வியாழன் உயிரியல். இதில்தான் தவறு இருக்கிறது. உயிரியல் என்பது பெயரளவில் ஒரு தாள். உள்ளே தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என இரண்டு பாடங்கள் இருக்கின்றன. படம், கலைச்சொல், வரையறை என்று நினைவை அதிகம் நம்பியிருப்பதும் அதுவே. இயற்பியலுக்கு இரண்டு முழு நாள் கொடுத்துவிட்டு அதற்கு ஒரே நாள் ஒதுக்கினால் வியாழன் இரவு தூக்கம் கெடும். ஆகவே கடைசியில் வரும் தேர்வுக்கான படிப்பு முதல் நாளிலேயே, சிறு அளவில், தொடங்க வேண்டும். இடைவெளி விட்டு நான்கு முறை பார்த்த படம், ஒரே மூச்சில் நான்கு முறை பார்த்த படத்தைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

அப்படி அமைத்த அட்டவணை சனிக்கிழமை காலை 6 மணிக்கு இயற்பியலோடு தொடங்குகிறது. 8 மணி வரை மின்னியல் பகுதியின் தருவிப்புகள். சிற்றுண்டிக்குப் பின் 9 முதல் 11 வரை கரிம வேதியியல், 11.30 முதல் 1 வரை உயிரியல் படங்கள். மதிய ஓய்வு முடிந்து 3.30 முதல் 5 வரையும், விளையாட்டுக்குப் பின் 6.30 முதல் 8 வரையும் மீண்டும் இயற்பியல். இம்முறை ஒளியியலும் கணக்குகளும். ஞாயிறு ஏறக்குறைய முழுவதும் இயற்பியலுக்கே. ஆனாலும் இரவு 7 மணிக்கு அரை மணி நேரம், முந்தைய நாள் பார்த்த உயிரியல் படங்களைப் புத்தகம் பாராமல் வரைந்து பார்க்க வேண்டும்.

ஞாயிறு முற்பகல்தான் இந்த அட்டவணையின் மையம். 10.15 முதல் 1.15 வரை பழைய வினாத்தாள் ஒன்றை முழுமையாக எழுத வேண்டும். பொதுத்தேர்வில் விடை எழுதும் நேரமும் இதுதான். இரண்டு நாள் இதே நேரத்தில் உட்கார்ந்து பழகிய கைக்கும் மூளைக்கும் தேர்வறை புதிதாக இராது. தாள் மொத்தம் 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் வினா 6, மூன்று மதிப்பெண் வினா 6, ஐந்து மதிப்பெண் வினா 5. மூன்று மணி நேரத்தைப் பிரித்தால் ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டரை நிமிடம். ஐந்து மதிப்பெண் விடைக்குப் பன்னிரண்டு நிமிடம். வீட்டில் எழுதும்போது ஒரு தருவிப்புக்கு இருபது நிமிடம் பிடித்தால், அது தெரியாத பாடம் அல்ல, கைக்கு வராத பாடம். இந்த வேறுபாடு படித்துக்கொண்டே இருந்தால் புலப்படாது.

புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் காணும் தருவிப்பை எடுத்துக்கொள்ளலாம். இரு மின்துகள்களின் புலங்களைக் கழிப்பது வரை பலருக்கும் வந்துவிடும். r-ஐ ஒப்பிட a மிகச் சிறியது என்பதால் a²-ஐ விட்டுவிடும் படியில் கை நின்றுவிடும். வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்தவருக்கு மட்டுமே அந்த இடம் தெரியவரும். மதியம் 4 முதல் 5.30 வரை விடைகளைத் திருத்தி, இப்படி நின்றுபோன இடங்களை மட்டும் ஒரே ஒரு தாளில் குறிக்க வேண்டும். இதைப் பிழைத்தாள் எனலாம். தேர்வு நாள் காலையில் அரை மணி நேரம் பார்க்க வேண்டியது இந்தத் தாளைத்தான், புத்தகத்தை அல்ல.

நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதன் பயனை ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் சோதித்தனர். ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். வாசிப்பு தரும் நம்பிக்கை விரைவில் கரைவது இதனால்தான்.

திங்கள் தேர்வு 1.15-க்கு முடிந்ததும் வாசலில் நின்று விடைகளை ஒப்பிடுவது வழக்கம். அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. மாலைப் படிப்புதான் கெடும். சாப்பாடு, ஒரு சிறு தூக்கம், பிறகு 5 முதல் 8 வரை வேதியியல் போதும். செவ்வாய் காலை 6 முதல் 8 வரை பெயர் வினைகளும் கனிம வேதியியலும், 10.15-க்கு மாதிரித் தாள், 4 மணிக்குத் திருத்தம். பெயர் வினைகளைத் தனித்தனியாகப் படித்தால் குழம்பும். இணையாக வைத்தால் நிற்கும். α-ஹைட்ரஜன் உள்ள அசிட்டால்டிஹைடு ஆல்டால் குறுக்கத்தில் ஈடுபடும். அது இல்லாத பென்சால்டிஹைடு கானிசாரோ வினைக்கு உட்படும். இந்த ஒரு காரணம் புரிந்தால் இரண்டு வினைகளும் கூடவே நினைவுக்கு வரும். அன்று இரவு 7 முதல் 8 வரை உயிரியல், மூன்றாம் முறையாக.

புதன் மாலை 5 முதல் 8 வரை தாவரவியல். வியாழன் காலை 6 முதல் 8 வரை விலங்கியல். முற்பகலில் இரு பகுதிகளும் சேர்ந்த மாதிரித் தாள். 4 முதல் 6 வரை திருத்தமும் படங்களும். முதிர்ந்த கருப்பையை வரைந்து ஏழு செல், எட்டு உட்கரு எனப் பாகங்களைக் குறிக்க முடிகிறதா என்பது நல்ல சோதனை. படம் சரியாக இருந்தும் பாகம் குறிக்காமல் மதிப்பெண் இழப்பவர்கள் அநேகம்.

கூட்டிப் பார்த்தால் இயற்பியலுக்கு பதினொன்றரை மணி, வேதியியலுக்கு அதே பதினொன்றரை, உயிரியலுக்குப் பதின்மூன்று. இயற்பியல் கணக்குகளில் தடுமாறுபவர் சனிக்கிழமை வேதியியலிலிருந்து ஒரு மணி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். உயிரியலின் சிறு பகுதிகளில் மட்டும் கை வைக்கக் கூடாது.

எல்லா நாளும் இரவு 10 முதல் காலை 5.30 வரை தூக்கம். பகலில் படித்தது நினைவில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான் என்பதால் அந்த ஏழரை மணியும் படிப்பின் பகுதியே. மாலை 4 மணிக்கு மேல் தேநீர், காபி வேண்டாம். காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

விருந்தினர் வருகையாலோ தலைவலியாலோ ஒரு பகுதி தவறிப்போனால் அதை இரவுக்குத் தள்ளாமல் விட்டுவிட வேண்டும். மறுநாள் பகுதி அதற்குரிய நேரத்தில் தொடங்கட்டும். பிள்ளைக்காக விழித்திருக்கும் பெற்றோர் இந்த வாரம் செய்யக்கூடிய பெரிய உதவி, பத்து மணிக்கு வீட்டு விளக்குகளை அணைப்பது.