கோணல் இலைக்கு ஒரு தேதி உண்டு

பருத்திக் காட்டில் நின்று ஒரே ஒரு இலையைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் ஒரு விவசாயி. விரிந்த கைபோல இருக்க வேண்டிய இலை நாடாபோல ஒடுங்கி நீண்டிருக்கிறது. ஓரம் விரல் விரலாகப் பிரிந்திருக்கிறது. படத்தின் கீழே ஒரு வரி: “வைரஸ் அடிச்சிருச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?” அரை மணி நேரத்தில் வெள்ளை ஈயைக் கொல்லும் ஒரு பூச்சிமருந்தின் பெயர் பதிலாக வந்துவிடும். அடுத்த நாள் காலையில் அதை வாங்கி அடித்தும் விடுவார்.

அந்த இலையைக் கெடுத்தது வைரஸாக இல்லாமல், பக்கத்து மக்காச்சோளக் காட்டில் அடித்த களைமருந்தின் சாரலாக இருந்தால்? வெள்ளை ஈக்கு அடித்த மருந்தும் காசும் வீண். தக்காளியில் இன்னும் மோசம். தேறி வந்திருக்கக்கூடிய செடிகளை நோய் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. உண்மையிலேயே வைரஸ் வந்த செடியைச் சாரல் என்று நினைத்து விட்டுவைத்து, தோட்டம் முழுக்கப் பரவவிட்டவர்களும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய முடியும், படத்தை வைத்தேகூட. ஆனால் ஒற்றை இலையின் படம் போதாது.

இலை ஏன் நாடாவாகிறது?

சாரலில் பெரும்பாலும் சிக்குவது 2,4-டி என்ற களைக்கொல்லி. 1940களில் உருவான இந்த மருந்து இன்றும் நெல், கரும்பு, மக்காச்சோளம், சோளம் ஆகியவற்றில் அகன்ற இலைக் களைகளை அழிக்கப் பயன்படுகிறது. செடிக்குள் இயல்பாகவே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைப் போல நடிப்பதுதான் இதன் வேலை. புல் இனப் பயிர்கள் இதைச் சமாளித்துவிடும். அகன்ற இலைச் செடிகளால் முடியாது. வளர வேண்டிய இடம், வேகம், திசை எல்லாம் குழம்பிப்போகும்.

மொட்டுக்குள் சுருண்டிருக்கும் குருத்திலை இந்தக் குழப்பத்தில் மாட்டினால், அதன் நரம்புகள் நீளும். நரம்புகளுக்கு இடையே இருக்க வேண்டிய சதை விரியாது. அதனால் நரம்புகள் நெருங்கி, புல்லின் இலையில் ஓடுவதுபோல இணைகோடுகளாகத் தெரியும். இலை நாடாவாகிவிடும். பருத்தியும் தக்காளியும் இந்த மருந்துக்கு மிகவும் அஞ்சும் பயிர்கள். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்து விழுந்தாலே பருத்தி இலை காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மருந்து விழுந்த அன்று முழுதாக விரிந்திருந்த இலைகளின் வடிவம் பிறகு மாறாது. அன்று குருத்தாக இருந்தவையும் அதன்பின் பிறந்தவையும்தான் கோணும். செடியில் மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி நல்ல இலைகள் வரும். அதாவது, சாரல் பட்ட தேதி செடியின் தண்டில் கணுக்கணக்காகப் பதிந்துவிடுகிறது.

வைரஸ் அப்படியல்ல. வெள்ளை ஈயோ அசுவினியோ இன்று ஒரு செடியில் உட்காரும், நான்கு நாள் கழித்து இன்னொன்றில் உட்காரும். செடிக்குச் செடி தேதி மாறும்.

ஒரு பருத்திக் காடு

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் ஒரே வரப்பின் இருபுறமும் நிற்பது வழக்கம். புரட்டாசி மழைக்கு இரண்டையும் விதைத்ததாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்துக்கு 22 நாளானபோது களைமருந்து அடிக்கிறார்கள். அன்று காற்று பருத்திப் பக்கம் வீசுகிறது. பருத்தியில் அப்போது 6 இலைகள் விரிந்திருக்கின்றன.

மறுநாள் பருத்தியின் நுனி தொய்ந்து, இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து நிற்கின்றன. தண்ணீர் போதவில்லை என்று விவசாயி நினைத்துக்கொள்கிறார். ஒரு வாரம், பத்து நாளில் நாடா இலைகள் தலைகாட்டுகின்றன. அதற்குள் பக்கத்துக் காட்டில் மருந்து அடித்ததே மறந்துபோயிருக்கும். இலை கோணியதும் மருந்து அடித்ததும் ஒரே நாளில் நடக்காததால்தான் பழி வைரஸ்மேல் விழுகிறது.

மருந்து அடித்த 18ஆம் நாள் காட்டுக்குள் போய்ப் பார்ப்போம். வரப்பை ஒட்டிய வரிசையில் ஒரு செடியைக் கீழிருந்து எண்ணினால் 6 இலைகள் நன்றாக இருக்கின்றன. ஏழாவதிலிருந்து எல்லாமே நாடா. அடுத்த செடியிலும் ஏறக்குறைய ஏழாவதுதான், அதற்கடுத்ததிலும் அப்படியே. இருபதாவது வரிசைக்குப் போனால் கோணல் இலேசாகிவிட்டது. ஓரம் மட்டும் சற்றுச் சுருங்கிய ஓரிரு இலைகள்தான், ஆனால் அவையும் அதே கணுக்களில். நாற்பதாவது வரிசையில் ஒன்றுமில்லை.

நல்ல வளர்ச்சியில் பருத்தியின் முதன்மைத் தண்டு சுமார் மூன்று நாளுக்கு ஒரு கணு விடும். கோணத் தொடங்கிய இலையிலிருந்து நுனிவரை 6 கணுக்கள். ஆறு மூன்று பதினெட்டு. இரண்டரை வாரத்துக்கு முன் யார் என்ன அடித்தார்கள் என்று விசாரித்தால் விடை கிடைத்துவிடும். அடிபட்ட செடியின் வளர்ச்சி சற்று மந்தமாகும் என்பதால் இந்தக் கணக்கில் சில நாள் முன்பின் இருக்கும்.

பருத்தியில் இன்னொரு வசதியும் உண்டு. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகளை வாட்டும் பருத்தி இலைச்சுருள் வைரஸ் நோயில் இலை ஒடுங்கி நாடாவாவதில்லை. ஓரம் மேலோ கீழோ சுருளும், நரம்புகள் தடித்துக் கருமை பாயும். இலையைத் திருப்பிப் பார்த்தால் நரம்பின்மேல் குட்டி இலைபோலச் சிறு துருத்தல்கள் முளைத்திருக்கும். அடிப்பக்கத்தைப் படமெடுக்காமல் விட்டால் இந்த அடையாளம் தெரியாமலே போய்விடும்.

சாரலும் ஓரத்திலிருந்துதான் வரும், வெள்ளை ஈயும் பல நேரம் ஓரத்திலிருந்துதான் வரும். ஆகவே வரப்போரம் அதிகம் என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. வைரஸ் வந்த ஓரத்தில் நோய்ச்செடிகளுக்கு நடுவே நல்ல செடியும் நிற்கும். சாரல் பட்ட ஓரத்தில் ஒரு செடியும் தப்பாது, களைகளும்கூடத் தப்பாது. வரப்பில் உள்ள சாரணையும் மூக்கிரட்டையும் முறுக்கிக் கிடக்க, அருகும் கோரையும் நிமிர்ந்து நின்றால் அது நல்ல சாட்சி. பருத்தியையும் சாரணையையும் ஒரே நாளில் ஒரே மாதிரி முறுக்கும் வைரஸ் கிடையாது.

தக்காளி அவ்வளவு எளிதல்ல

தக்காளியில் நம் ஊரில் அதிகம் காணும் இலைச்சுருட்டை வைரஸைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இலைகள் சிறுத்து மேல்நோக்கிக் கிண்ணம்போலக் குவியும், ஓரமும் நரம்பிடையும் மஞ்சளாகும். செடி குட்டையாகிப் புதராகும். நாடா வடிவம் வராது.

சிக்கல் வேறு இரண்டு வைரஸ்களால். அசுவினி பரப்பும் வெள்ளரி மொசைக் வைரஸ் தக்காளி இலையைச் செருப்பு நாடாபோல ஒடுக்கும். கை, கத்தி, கயிறு வழியாகத் தொற்றும் தக்காளி மொசைக் வைரஸ் இலையைப் பெரணிபோல ஆக்கும். இவற்றின் இலையை மட்டும் படத்தில் பார்த்தால் அனுபவசாலியும் தடுமாறுவார்.

அப்போது இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பார்க்க வேண்டும். 2,4-டி பட்ட தக்காளியில் காம்புகள் கீழ்நோக்கி வளையும், நுனித்தண்டு முறுக்கிக்கொள்ளும். அடி அதிகமானால் தண்டு தடித்து, வெடித்து, வேர் முளைக்கப் போவதுபோல வெளிர் கொப்புளங்கள் தோன்றும். வைரஸ் தண்டை இப்படி முறுக்குவதில்லை. அது முதலில் கெடுப்பது நிறத்தை. வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்த திட்டுகள் இருந்தால் மொசைக் என்று சந்தேகிக்கலாம். சாரல் இலையில் வடிவம் போயிருக்கும், பச்சை பெரும்பாலும் திட்டுத் திட்டாகக் கலையாது.

இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளரி மொசைக் வந்த செடியும் இடையில் சில நல்ல இலைகளை விடுவதுண்டு. மேலே நல்ல இலை வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துச் சாரல் என்று தீர்ப்பளிக்க முடியாது. நாற்றங்காலிலேயே தொற்று வாங்கி வந்த நாற்று என்றால், வைரஸும் தோட்டம் முழுக்க ஒரே வாரத்தில் தோன்றும். இப்படிப்பட்ட இடங்களில் இலையை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் உறுதி செய்ய வேண்டும்.

குற்றவாளி சொந்த வீட்டிலேயே இருப்பதும் உண்டு. மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடித்த அதே தெளிப்பானை அலசிவிட்டுத் தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். தண்ணீரில் ஓரிரு முறை அலசினால் 2,4-டி முழுதாகப் போகாது. அப்போது கோணல் வரப்போரத்தில் தொடங்காது. முதல் டேங்க் எந்த வரிசையில் விழுந்ததோ அங்கே கடுமையாகவும், அடுத்தடுத்த டேங்கில் குறைந்துகொண்டும் இருக்கும். களைமருந்துக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

எப்படிப் படம் எடுப்பது?

முதல் படம் வரப்பில் நின்று, காடு முழுதும் பக்கத்துப் பயிரும் தெரியும்படி. இரண்டாவது ஒரே செடி, தரையிலிருந்து நுனிவரை, கணுக்களை எண்ணும் அளவுக்குத் தெளிவாக. அதேபோல வரப்போரத்தில் ஒரு செடி, நடுக்காட்டில் ஒரு செடி. மூன்றாவது இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டும். இலையை வானத்துக்கு நேராகப் பிடித்து எடுத்தால் நரம்பு ஓடும் விதம் தெரியும். நான்காவது வரப்புக் களைகள்.

உச்சி வெயிலில் எடுத்தால் மொசைக் திட்டு வெளுத்து மறைந்துவிடும். உடம்பின் நிழல் இலைமேல் விழும்படி நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். அடையாளத்துக்கு ஒரு கயிறு கட்டி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே செடியை மறுபடி எடுத்தால் புது இலை நேராகிறதா, கோணல் பக்கத்துச் செடிக்குப் பரவுகிறதா என்பது தெரிந்துவிடும். சாரல் ஒருபோதும் பரவாது.

சாரல்தான் என்றால் மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். அதை முறிக்கும் மருந்தும் கிடையாது. தண்ணீரை ஒழுங்காகக் கொடுத்துக் காத்திருந்தால், இலேசாக அடிபட்ட பருத்தி சில வாரத்தில் தேறும், காய்ப்பு மட்டும் தள்ளிப்போகும். சப்பை கட்டும் பருவத்தில் பட்டால் உதிர்வும் இழப்பும் கூடும். நட்டஈடு கேட்கும் எண்ணம் இருந்தால் இலை மாதிரியைத் தாமதமின்றி எடுத்துக் கொடுக்க வேண்டும், நாளாக ஆகச் செடியில் மருந்தின் தடயம் மறையும். தக்காளியில் வைரஸ் என்று உறுதியானால் தொடக்கத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

அடுத்த முறை கோணல் இலை கண்ணில் பட்டால் அதைப் பறிக்காதீர்கள். செடியோடு விட்டு, கீழிருந்து எத்தனையாவது இலை கோணத் தொடங்கியது என்று எண்ணுங்கள். பக்கத்தில் பத்துச் செடிகளிலும் எண்ணுங்கள். எண் ஒன்றாகவே வந்தால், பூச்சிமருந்துக் கடைக்குப் போகும் முன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.