ஏற்றிய நீர் எங்கே போகிறது?

வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் மூன்று டிரிப்ஸ் பாட்டில்கள் தொங்குகின்றன. மூன்றிலும் இருப்பது நிறமில்லாத நீர்தான். லேபிளைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றில் 0.9% உப்பு, இன்னொன்றில் 5% டெக்ஸ்ட்ரோஸ், மூன்றாவதில் 3% உப்பு என்று இருக்கும். செவிலியர் மாணவர்கள் இவற்றை ஐசோடோனிக், ஹைப்போடோனிக், ஹைப்பர்டோனிக் என்று மனப்பாடம் செய்வார்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் மனப்பாடமே தேவைப்படாது. ரத்தக்குழாய்க்குள் விட்ட நீர் அடுத்து எங்கே போகிறது?

60 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கும். அதில் 24 லிட்டர் செல்களுக்கு உள்ளேயும், 12 லிட்டர் வெளியேயும் இருக்கிறது. வெளியே உள்ள 12 லிட்டரில் ஏறக்குறைய 3 லிட்டர்தான் ரத்தக்குழாய்களில் ஓடும் பிளாஸ்மா. செல்லின் சுவரை நீர் எளிதாகக் கடந்துவிடும். சோடியம் அப்படியில்லை, உள்ளே நுழைந்தாலும் செல் அதை வெளியே தள்ளிவிடும். அதனால் சோடியம் எந்தப் பக்கம் அதிகமோ, நீர் அந்தப் பக்கம் சாயும். மூன்று வகைத் திரவங்களின் கதையும் இதற்குள் அடங்கிவிடும்.

முதலில் ஐசோடோனிக். நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, அதாவது 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. ரத்தத்தில் இயல்பான சோடியம் அளவு 135 முதல் 145 வரை. ஏறக்குறைய சமம் என்பதால் நீர் செல்லுக்குள் போகாமல் வெளியிலேயே தங்கும். அதிலும் கால் பங்கு, அதாவது 250 மில்லிதான் ரத்தக்குழாயில் நிற்கும். மீதி திசுக்களுக்கு இடையே பரவிவிடும். விபத்தில் ரத்தம் இழந்தவர், வயிற்றுப்போக்கில் துவண்டவர், டெங்குவில் ரத்த அழுத்தம் சரிந்தவர், தீக்காயம் பட்டவர் எல்லோருக்கும் முதலில் நிரப்ப வேண்டியது ரத்தக்குழாயைத்தான். அதனால்தான் அவர்களுக்கு இந்த வகை. ரிங்கர் லாக்டேட்டும் இதே குடும்பம். நார்மல் சலைனில் குளோரைடு ரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகம். லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் என்பதால் பல இடங்களில் மருத்துவர்கள் ரிங்கரையே விரும்புகிறார்கள். எதை ஏற்றினாலும் அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சு வேகமெடுப்பதும், ஸ்டெதஸ்கோப்பில் நுரையீரலின் அடிப்பகுதியில் நறநறவென்று சத்தம் கேட்பதும் அதன் அறிகுறிகள்.

அடுத்தது 5% டெக்ஸ்ட்ரோஸ். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது. பாட்டிலுக்குள் இருக்கும்வரை அது ஐசோடோனிக்தான்; ரத்த அணுக்களைச் சேதப்படுத்தாது. உடலுக்குள் போனதும் சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சுவது வெறும் நீர். வெறும் நீரை நேரடியாக ஏற்றினால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஆகவே சர்க்கரையைத் துணைக்குச் சேர்த்து அனுப்புகிறார்கள். இந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள் போய்விடும். ஒரு லிட்டர் ஏற்றினாலும் ரத்தக்குழாயில் நிற்பது சுமார் 80 மில்லிதான். அழுத்தம் சரிந்தவருக்கு இதை ஏற்றிப் பயனில்லை. சோர்வாக இருக்கிறது, ஒரு பாட்டில் போடுங்கள் என்று கேட்டு வாங்குபவர்களுக்கும் ஒரு கணக்கு: அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ இரண்டு இட்லியின் சக்தி.

அப்படியானால் ஹைப்போடோனிக் யாருக்கு? நீரை மட்டும் இழந்து, சோடியம் ஏறிப்போனவர்களுக்கு. தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாமல் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஓர் உதாரணம். அவருக்கு 5% டெக்ஸ்ட்ரோஸோ, 0.45% உப்பு நீரோ மெதுவாக ஏறும். தலையில் அடிபட்டவருக்கு இந்த வகை ஆகாது. மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை. குழந்தைகளுக்கு 1957-ல் ஹாலிடே, சீகர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கணக்கின்படி உப்பு குறைந்த திரவமே பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்தது. நோயுற்ற உடல் நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருப்பதால், அந்தத் திரவத்தால் சோடியம் சரிந்து உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிறந்து 28 நாள் கடந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பராமரிப்புத் திரவமாக ஐசோடோனிக்கையே பரிந்துரைத்தது.

மூன்றாவது வகையை ஓர் எடுத்துக்காட்டு நோயாளியை வைத்துப் பார்ப்போம். 70 வயதுப் பெண்மணி, எடை 50 கிலோ. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் தையசைடு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. உப்பில்லாக் கஞ்சியும் தண்ணீரும்தான் ஆகாரம். சோடியம் 128. இவர் இழந்தது உப்பும் நீரும். ஏற வேண்டியது நார்மல் சலைன். ஆனால் ஏறியதோ இரண்டு அரை லிட்டர் 5% டெக்ஸ்ட்ரோஸ். இவருடைய உடல் நீர் சுமார் 22.5 லிட்டர். அதில் ஒரு லிட்டர் வெறும் நீர் கலந்து, சிறுநீரில் வெளியேறாமல் நின்றால் சோடியம் 122-க்கு அருகில் இறங்கும். இடையில் குடித்த தண்ணீரும் சேர, மறுநாள் 118. முதலில் தலைவலி, குமட்டல்; பிறகு பேச்சில் குழப்பம்; கடைசியில் வலிப்பு. மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்துவிட்டதன் அடையாளம் இது.

இப்போதுதான் 3% உப்பு நீருக்கு வேலை. லிட்டருக்கு 513 மில்லிமோல் சோடியம் உள்ள ஹைப்பர்டோனிக் திரவம் இது. 150 மில்லியை 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். அதிலிருக்கும் உப்பு, செல்களுக்குள் புகுந்த நீரை வெளியே இழுக்கும். இவருக்குச் சோடியம் இரண்டரை அளவு உயரும். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, வலிப்பு அடங்காவிட்டால் இன்னொரு முறை. நான்கு முதல் ஆறு வரை உயர்ந்தாலே பெரும்பாலும் ஆபத்துக் கட்டம் நீங்கிவிடும். சோடியத்தை உடனே 135-க்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாளில் 8 அளவுக்குமேல் உயர்த்தாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வேகமாக உயர்ந்தால் மூளைத்தண்டு நரம்புகளின் மேலுறை சிதையலாம். அது உடனே தெரியாது. சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் தளரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உடலில் நீர்ச்சத்து நிரம்பியதும், அதுவரை நீரைத் தேக்கிவைத்த ஹார்மோன் அடங்கிவிடும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் மடமடவென்று போகத் தொடங்கும். எதையும் ஏற்றாமலே சோடியம் துள்ளி ஏறும். அதனால்தான் சிறுநீர்ப் பையின் அளவை மணிக்கு மணி குறிக்கிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். எல்லை தாண்டினால், சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் ஊசியோடு 5% டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிச் சோடியத்தைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். முதல் நாள் இவருக்கு வலிப்பை வரவழைத்த அதே பாட்டில், மூன்றாம் நாள் இவருக்கே மருந்தாகலாம். எது சரி என்பதை அன்றைய சோடியம் அளவுதான் சொல்லும்.