குட்வாங்கன் சுரங்கத்தில் அறுந்த அழைப்பு

கடந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் சபையின் ஜெபக்குழுவுக்கு வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். சம்பந்தப்பட்ட தாயும் மகனும் அனுமதி தந்தபடியால், பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறோம். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. அதையும் மறைக்கப்போவதில்லை.

மகன் சொங்க்டாலில் படிக்கிறார். அம்மா பேர்கனிலிருந்து அவரைப் பார்க்கப் பஸ்ஸில் போனார். பையில் இடியப்பமும் மீன்குழம்பும் இருந்தன. வோஸ் கழிந்து, மலையிறங்கி, குட்வாங்கன் வந்ததும் மகனை அழைத்தார். அந்த ஊரைத் தாண்டினால் வீதி நேரே மலைக்குள் புகுந்துவிடும். அங்கே தொடங்குவது 11.4 கிலோமீற்றர் நீளமான குட்வாங்கன் சுரங்கம்.

பேச்சு சாதாரணமாகத்தான் போனது. பெட்ஷீட் தோய்த்தாயா, சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டார். திடீரென்று அவருடைய குரல் மாறியது. "ஐயோ, இயேசப்பா! முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை தம்பி, புகை மாதிரி..." அத்தோடு தொடர்பு அறுந்தது.

மகன் திரும்ப எடுத்தார். அந்த இலக்கத்தை இப்போது அடைய முடியாது என்று பதிவுசெய்த குரல் சொன்னது. மூன்று முறையும் அதே பதில்தான்.

குட்வாங்கன் என்ற பெயரோடு 'புகை' என்ற சொல்லும் சேர்ந்தால் இந்தப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு வயிறு கலங்கும். 2013 ஓகஸ்டில் அந்தச் சுரங்கத்துக்குள் ஒரு பாரவண்டி தீப்பற்றியது. அது எரிந்தது ஔர்லாந்து பக்கத்து வாயிலுக்குக் கிட்ட. தீயணைப்பாளர் அந்தப் பக்கத்தால் உள்ளே போகக்கூடியதாகக் காற்றாடிகள் புகையை எதிர்ப்பக்கம், குட்வாங்கனை நோக்கித் தள்ளின. அது முன்கூட்டியே வகுத்திருந்த திட்டம். ஆனால் அந்தப் பக்கத்தில் பல கிலோமீற்றர் தூரத்துக்கு வாகனங்களும் மனிதர்களும் இருந்தார்கள். ஒரே குழாய், இருதிசைப் போக்குவரத்து, பக்கத்தில் ஓடித் தப்ப வேறு வழி இல்லை. அறுபதுக்கும் மேற்பட்டோர் புகையைச் சுவாசித்துச் சிகிச்சை பெற்றார்கள். தேவ கிருபையாக ஒருவரும் இறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2015 ஓகஸ்டில், அதே சுரங்கத்தில் ஒரு சுற்றுலா பஸ் எரிந்தது. அதிலும் உயிரிழப்பு இல்லை.

மகனுக்கு இரண்டாவது சம்பவம்தான் முதலில் நினைவுக்கு வந்ததாம். ஏனென்றால் அது பஸ்.

அவர் உடனே பேர்கனில் இருக்கும் பெரியம்மாவை அழைத்து, "அம்மாவின்ர பஸ் சுரங்கத்துக்குள்ள, புகை எண்டு சொன்னவ, போன் கட்டாயிட்டுது" என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். பெரியம்மா பதறிப்போய் ஜெபக்குழுவில் எழுதியபோது அது 'பஸ் சுரங்கத்துக்குள் தீப்பிடித்திருக்கிறது, ஜெபியுங்கள்' என்று ஆகிவிட்டது. அதை எங்களில் இரண்டு பேர் வாலிபர் குழுவுக்கும் அனுப்பினோம். வேறொருவர் 2013இல் எடுத்த கரிந்த சுரங்கத்தின் படத்தைத் தேடிப் போட்டார். அது பழைய படம் என்று அவர் எழுதவில்லை. வேலையில் நின்ற தகப்பன் செய்தியைப் பார்த்தது இந்த நிலையில்தான். அவர் எதையும் எழுதாமல், மேலாளரிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வோஸ் பக்கமாகப் புறப்பட்டுவிட்டார்.

இரண்டாம் சாமுவேல் 18இல் அகிமாஸ் ஓடிவருவது ஞாபகம் வருகிறது. கலவரத்தைக் கண்டான், அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான்.

இந்த இடைவெளியில் மகன் ஒரு நல்ல காரியம் செய்தார். வீதி நிர்வாகத்தின் போக்குவரத்து மையத்துக்கு 175 என்ற இலக்கத்தில் அழைத்தார். சுரங்கங்களைக் கண்காணிப்பவர்கள் அவர்கள்தான். சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பானை ஒருவர் கழற்றினாலே அங்கே எச்சரிக்கை ஒலிக்கும். தீ என்றால் வாயில்களில் சிவப்பு விளக்கு எரிந்து பாதை மூடப்படும். பேசிய பெண் திரையைப் பார்த்துவிட்டு, சுரங்கம் திறந்திருக்கிறது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றார். மகனுக்குப் பாதி மூச்சு வந்தது. இந்தப் பதிலை அவர் யாருக்கும் எழுதவில்லை. அந்த நேரம் தோன்றவில்லையாம்.

பிறகு கணக்குப் பார்த்தார். மணிக்கு 80 கிலோமீற்றரில் 11.4 கிலோமீற்றர் என்றால் ஒன்பது நிமிடம்கூட ஆகாது. பத்து என்று வைத்துக்கொண்டார். பத்தாவது நிமிடம் எடுத்தார். அதே பதிவுக்குரல். பதினோராவது, பன்னிரண்டாவது நிமிடமும் அப்படியே. அந்த நிமிடங்களைப் பற்றி எங்களிடம் பேசும்போது அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "175இல ஆள் சொன்னது பொய் எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

கணக்கு பிழையில்லை, வரைபடம்தான் பாதி. குட்வாங்கன் சுரங்கம் முடிவது உண்ட்ரெடால் பள்ளத்தாக்கில். அங்கே பஸ் வெளிச்சத்தில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். உடனே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் நீளமான ஃபிளென்யா சுரங்கத்துக்குள் போய்விடும். அதைத் தாண்டித்தான் ஃபிளாம். அம்மா உண்மையில் வெளியே வந்து திரும்ப உள்ளே போயிருந்தார். ஃபிளாமில் பஸ் நின்றதும் அவரே அழைத்தார்.

"என்னம்மா நடந்தது?"

"ஒண்டுமில்லை. நீ ஏன் டக்கெண்டு வச்சனி?"

மகன் அழைப்பை வைத்துவிட்டார் என்று நினைத்து அவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டிருந்தார். புகை என்றது புகையே அல்ல. வெளியே கடுங்குளிரில் ஓடிவந்த பஸ்ஸின் கண்ணாடி உறைகுளிராக இருக்கும். மலைக்குள் இருக்கும் காற்று ஒப்பீட்டளவில் சூடு, ஈரப்பதமும் அதிகம். அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் ஒரு நொடியில் வெள்ளையாகப் படரும். சாரதி வேகத்தைக் குறைத்துத் துடைப்பானைப் போட்டதும் தெளிந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்த அம்மா அதை முதல் தடவையாகப் பார்த்தார்.

அழைப்பு அறுந்ததும் அதே வாயிலில் நடந்த இன்னொரு சாதாரண விஷயம். வெளியில் உள்ள கோபுரத்தின் அலை பாறையைத் துளைத்து உள்ளே வராது. சுரங்கத்துக்குள் தனி அலைவாங்கிகள் இருந்தாலும், வெளிக் கோபுரத்திலிருந்து அவற்றுக்கு அழைப்பு கைமாற வேண்டும். பஸ்ஸோ ஒரு நொடிக்கு இருபது மீற்றருக்கு மேல் ஓடுகிறது. கைமாற்றம் பிந்தினால் அழைப்பு விழும். அடைய முடியாது என்ற பதிவுக்குரல் சொல்வது, கைப்பேசி அலைக்கு வெளியே இருக்கிறது அல்லது அணைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். அதிலிருந்து விபத்து என்றோ, விபத்து இல்லை என்றோ முடிவெடுக்க முடியாது. 175இல் கேட்டால் அதைவிட உறுதியான பதில் கிடைக்கும்.

ஜெபக்குழுவில் சுகச்செய்தி வந்தபோது எழுபதுக்கு மேற்பட்ட கைகூப்பிய படங்கள் வந்துவிட்டன. பழைய படத்தைப் போட்டவர் அதை அழித்தார். நாங்கள் வாலிபர் குழுவில் மன்னிப்புக் கேட்டோம். தகப்பனைப் பிடிக்கத்தான் நேரம் எடுத்தது, ஏனென்றால் பேர்கனிலிருந்து வோஸ் போகும் வீதியிலும் சுரங்கங்கள் நிறைய. அவருக்குச் செய்தி கிடைத்தபோது டாலே வந்துவிட்டாராம். வீதியோரத்தில் காரை நிறுத்தி அரை மணி நேரம் அப்படியே இருந்தேன் என்றார்.

அம்மா இப்போது குட்வாங்கனில் அழைப்பதில்லை. 'உள்ள போறன், ஃபிளாமில எடுக்கிறன்' என்று மட்டும் எழுதி அனுப்புகிறார். ஃபிளாமுக்குப் பிறகு 24.5 கிலோமீற்றர் லேர்டால் சுரங்கம் வருகிறது. அதற்கும் ஒரு வரி தனியாக வருமாம்.