நிற்க, நொண்டி அடிக்க, பந்து பிடிக்க: சிறு குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பயிற்சி



மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான விளையாட்டுப் பயிற்சி ஒன்றை, இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் நம் டிரஸ்ட் கூடத்தில் தொடங்குகிறோம். வாரம் இரு நாட்கள், அஸர் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் நடக்கும். கட்டணம் இல்லை. குழந்தையுடன் வீட்டார் ஒருவர் அவசியம் வர வேண்டும்.

“பிள்ளைதான் வீடெல்லாம் ஓடுகிறதே, இதற்கு எதற்கு வகுப்பு?” என்று சிலர் நம்மிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஓட்டம் பெரும்பாலும் தானாக வந்துவிடும். ஒற்றைக்காலில் நிற்பதும், நொண்டி அடிப்பதும், பந்து பிடிப்பதும் திரும்பத் திரும்ப ஆடினால்தான் செம்மையாகும். நாம் தெருவில் பாண்டி ஆடியே இவற்றைக் கற்றுக்கொண்டோம். இன்று பல பிள்ளைகளுக்குத் தெருவும் இல்லை, உடன் ஆட அக்கா, அண்ணனும் இல்லை.

முதலில் வருவது சமநிலை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் நடக்கவிடுவோம். பிறகு சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வோம். பார்வை ஓரிடத்தில் நின்றால் உடல் ஆடுவது குறையும். மூன்று வயதில் ஓரிரு நொடி நின்றாலே போதும். ஐந்து வயதை நெருங்கும்போது பல குழந்தைகள் ஐந்து நொடிக்கு மேலும் நிற்பார்கள். வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். காலுறை அணிந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும். பாதமும் தரையை உணராது.

அடுத்தது நொண்டி. உடலின் முழு எடையையும் ஒரே கால் தூக்கி எறிந்து, அதே கால் திரும்பத் தாங்க வேண்டும். எனவே ஒற்றைக்காலில் நிற்க வராத குழந்தையை நொண்டி அடிக்க வற்புறுத்தக் கூடாது. இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிக்கவிடுங்கள். பிறகு ஒரு கையை விடுங்கள். அதன்பின் இரண்டையும் விடுங்கள். பாண்டிக் கட்டம் கடைசியில்தான். ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் முழங்கால் மடங்காமல் இறங்குகிறது என்று பொருள். “பூனை மாதிரி இறங்கு” என்றால் குழந்தைக்குப் புரிந்துவிடும். இரு கால்களுக்கும் மாற்றி மாற்றி வாய்ப்புக் கொடுங்கள்.

பெற்றோர் அதிகம் தடுமாறுவது பந்து பிடிப்பதில்தான். முன்னோட்டமாக நடத்திய வகுப்புக்கு நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. பந்து வந்தாலே கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “இவளுக்குப் பந்தே வராது” என்றார் அதன் உம்மா. வீட்டில் அண்ணனின் டென்னிஸ் பந்தைப் பத்தடி தள்ளி நின்று எறிந்திருக்கிறார்கள். சிறிய, வேகமான பந்து முகத்தை நோக்கி வந்தால் கண் மூடுவது இயல்பு. கண் மூடியபின் பந்து எப்போது வரும் என்று கைக்குத் தெரியாது.

அக்குழந்தைக்கு முதலில் மெல்லிய துப்பட்டாத் துண்டை மேலே எறிந்து பிடிக்கக் கொடுத்தோம். அது மெதுவாக இறங்குவதால் கண் அதைத் தொடர்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. அடுத்து பலூன். அதன்பின் கால்பந்து அளவுள்ள மென்மையான பந்தை, இரண்டடி தூரத்திலிருந்து நெஞ்சுக்கு நேராகக் கீழ்க்கையால் மெதுவாகப் போட்டோம். முதலில் இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தது. அதுவும் பிடித்ததுதான், கையால் மட்டும் பிடிப்பது பிறகு வரும். சில வாரங்களில் கண் மூடுவது நின்றது. தூரத்தைக் கூட்டுவது, பந்தைச் சிறிதாக்குவது இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். மீண்டும் கண் மூடினால் ஒரு படி பின்னால் வாருங்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். அவை தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

ஆண் பிள்ளைக்குப் பந்து, பெண் பிள்ளைக்குப் பாண்டி என்று பிரிக்க வேண்டாம். கையில் பந்து கிடைக்காத குழந்தைக்குப் பந்து பிடிக்க வராது, காரணம் அவ்வளவுதான்.

குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின் இருக்கும். ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆனால் முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, ஒரு பக்கக் கைகாலை மட்டும் பயன்படுத்தினாலோ, அடிக்கடி விழுந்து, தொடையில் கையூன்றித்தான் எழுந்தாலோ, பயிற்சிக்குக் காத்திராமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வரும்போது கணுக்காலுக்கு மேல் நிற்கும் தளர்வான உடை அணிவித்து அழைத்து வாருங்கள். தரையில் புரளும் உடை நொண்டி அடிக்கையில் காலைத் தட்டும். பெயர் பதிவு செய்ய டிரஸ்ட் அலுவலகத்தை அணுகவும்.