ப்ரோஸ்ட் எப்போது, ட்ஸும் வோல் எப்போது?

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ போனவர்களுக்குச் சில ஆண்டுகளில் கல்யாண அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கூடப் படித்தவரோ, ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரோ, ஒரே வீட்டில் அறையெடுத்துத் தங்கியவரோ கூப்பிடுவார். நெருக்கமான நட்பு என்றால், "விருந்தில் நீயும் நாலு வார்த்தை பேச வேண்டும்" என்ற கோரிக்கையும் அழைப்போடு சேர்ந்து வரும். அந்தப் பேச்சு கோப்பையை உயர்த்தி மணமக்களை வாழ்த்துவதில் முடிய வேண்டும். அப்படி முடிக்க ஜெர்மானியர்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ப்ரோஸ்ட், ட்ஸும் வோல். பயணக் கையேடுகள் இரண்டுக்கும் ஒரே பொருள் எழுதிவிடுகின்றன. கல்யாணப் பந்தியிலோ இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

முதலில் உச்சரிப்பு. ப்ரோஸ்ட் என்பதில் 'ரோ' நெடிலாக ஒலிக்க வேண்டும். ட்ஸும் வோல் என்பதை ஜெர்மன் எழுத்தில் Zum Wohl என்று எழுதுவார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் 'ஜும்' என்று படிக்கத் தோன்றும். ஜெர்மன் மொழியில் Z எழுத்துக்கு 'ட்ஸ்' என்பதே ஒலி. W எழுத்தை உதட்டைக் குவிக்காமல், மேல்பல் கீழுதட்டில் பட, ஆங்கில V போலச் சொல்ல வேண்டும். அந்த 'வோ'வும் நெடில்தான்.

ப்ரோஸ்ட் லத்தீனிலிருந்து வந்தது. 'நன்மை பயக்கட்டும்' என்று பொருள்படும் ப்ரோஸிட் என்ற வினைச்சொல்லின் சுருக்கம் அது. லத்தீனில் பாடம் படித்த பல்கலைக்கழக மாணவர்கள் குடிக்கும் இடங்களில் அதைச் சொல்லிச் சொல்லிப் பரப்பினார்கள். 18ஆம் நூற்றாண்டு மாணவர் பேச்சில் வேரூன்றிப் பிறகு ஊர் முழுக்கப் பரவியது. அந்தத் தோழமை வாசம் இன்றும் அதில் இருக்கிறது. பீர், மதுக்கடை, விளையாட்டுக் குழு, வேலை முடிந்த மாலை என்று வரும்போது ஜெர்மானியர் வாயில் முதலில் வருவது ப்ரோஸ்ட்தான். பழைய முழு வடிவமான ப்ரோஸிட்டும் வழக்கொழியவில்லை. புத்தாண்டு நள்ளிரவில் 'ப்ரோஸிட் நொய்யார்' என்று வாழ்த்துவார்கள். முனிக் நகரின் அக்டோபர் திருவிழாப் பந்தல்களில் வாத்தியக் குழு அடிக்கடி வாசித்து எல்லோரையும் குடிக்கச் சொல்லும் சிறு பாட்டும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

ட்ஸும் வோல் சுத்த ஜெர்மன். வோல் என்றால் நலம். 'நலத்துக்காக' என்பது நேர்ப்பொருள். இதில் யாருடைய நலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும். நண்பர் ஒருவரைப் பார்த்தால் 'ஔஃப் டைன் வோல்', நீ நலமாக இரு என்பது போல. நண்பர்கள் பலர் என்றால் 'ஔஃப் ஓயர் வோல்'. மரியாதையாகப் பேச வேண்டிய பெரியவரிடம் 'ஔஃப் ஈர் வோல்'. நாம் நீ, நீங்கள் என்று ஆள் பார்த்து மாற்றிக்கொள்வது போல, ஜெர்மானியரும் இங்கே மாற்றுவார்கள். ப்ரோஸ்ட்டுக்கு அந்த வேலையே இல்லை. அது யாரையும் குறிக்காமல் பொதுவாக நிற்கும் சொல். கல்யாணத்தில் இந்த வேறுபாடு முக்கியம். குறிப்பிட்ட இருவரை மனதில் வைத்துத்தான் அங்கே கோப்பை உயர்கிறது.

கல்யாண நாள் எப்படிப் போகும் என்று பார்த்தால் இது தெளிவாகும். ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபால்ட்ஸ் என்ற ஒயின் வட்டாரம் இருக்கிறது. 1935இல் திறக்கப்பட்ட, சுமார் 85 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஒயின் சாலை' அதன் திராட்சைத் தோட்டங்கள் வழியே ஓடுகிறது. வட்டாரத்தின் விளம்பர வாசகமே 'ட்ஸும் வோல். டீ ஃபால்ட்ஸ்' என்பதுதான். அங்கே ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கட்டம், பதிவு அலுவலகம். சட்டப்படி கல்யாணம் அங்கேதான் நடக்கும். தேவாலயச் சடங்கு வேண்டியவர்கள் அதைத் தனியாக வைத்துக்கொள்வார்கள். பதிவு முடிந்து வெளியே வந்ததும் 'ஸெக்ட்' என்ற நுரைக்கும் ஒயினைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் எடுத்து வருவார்கள். ஆரஞ்சு ஜூஸும் தட்டில் இருக்கும். எல்லோரும் நின்றுகொண்டே மணமக்களை நெருங்கி வாழ்த்துவார்கள். இங்கே ட்ஸும் வோல், அல்லது சுருக்கமாக 'ஔஃப் ஓய்ஷ்', அதாவது உங்களுக்காக என்று சொன்னால் போதும்.

இரண்டாம் கட்டம், மாலை விருந்து. உட்கார்ந்து சாப்பிடும் இந்தப் பந்தியில்தான் பேச்சுகள் வரும். மரபில் பெண்ணின் தந்தை முதலில் பேசுவார். பிறகு மாப்பிள்ளை, சாட்சிகளாக நின்ற நெருங்கிய தோழர்கள், நண்பர்கள் என்று போகும். இன்று பல வீடுகளில் இந்த வரிசை மாறுகிறது என்பதால், யாருக்குப் பிறகு உங்கள் முறை என்று சாட்சித் தோழரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஒரு பதார்த்தம் முடிந்து அடுத்தது வருமுன் உள்ள இடைவெளியில்தான் பேச வேண்டும். சூடான சாப்பாடு தட்டில் இருக்கும்போது எழுந்தால் சமையலறைக்கும் கஷ்டம், விருந்தினருக்கும் கஷ்டம். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். இங்கே முடிப்புச் சொல் ட்ஸும் வோல்தான்.

மூன்றாம் கட்டம், ஆட்டம் தொடங்கிய பிறகு. கழுத்துப்பட்டைகள் தளர்ந்திருக்கும், பீரும் வந்திருக்கும். மாப்பிள்ளையின் கால்பந்துத் தோழர்கள் உங்களைத் தங்கள் வட்டத்துக்குள் இழுத்துக் கோப்பையை நீட்டுவார்கள். இது ப்ரோஸ்ட்டின் நேரம். இங்கே ட்ஸும் வோல் சொன்னாலும் தப்பில்லை. ஆனால் கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும்.

ஆக, பீருக்கு ப்ரோஸ்ட், ஒயினுக்கு ட்ஸும் வோல் என்ற எளிய விதி பெரும்பாலும் சரியாகவே வரும். அதை முழுதாக நம்பவும் முடியாது. பவேரியாவில் ப்ரோஸ்ட் எல்லா மேசையிலும் ஏறும். ஃபால்ட்ஸிலோ, ஒயினில் சோடா கலந்து அரை லிட்டர் கண்ணாடியில் குடிக்கும் சாதாரண வேளையிலும் ட்ஸும் வோல் கேட்கலாம். சந்தேகமாக இருந்தால், மேசையில் மூத்தவர் சொல்வதைக் கவனித்து அதையே சொல்லலாம்.

இனி வாழ்த்துப் பேச்சு. முன்பின் தெரியாத மொழியில் நீளமாகப் பேசத் தேவையில்லை. நட்பைப் பற்றிய நடுப்பகுதியை ஆங்கிலத்தில் பேசினாலும், தொடக்கமும் முடிவும் ஜெர்மனில் இருந்தால் பாட்டி முதல் சின்னப் பிள்ளைவரை பந்தி முழுவதும் கூட வரும். எழுந்து நின்று, கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் லேசாகத் தட்டினால் பேச்சு அடங்கும். பிறகு 'லீபெஸ் ப்ரௌட்பார், லீபெ கெஸ்டெ' என்று தொடங்கலாம். அன்பான மணமக்களே, அன்பான விருந்தினர்களே என்று பொருள். மணமக்களைத்தான் முதலில் விளிக்க வேண்டும். அடுத்து, அவர்களை எப்படித் தெரியும் என்று ஒரு வரி. இருவரையும் சேர்த்துக் காட்டும் ஒரே ஒரு சம்பவம். மாப்பிள்ளையின் மாணவப் பருவக் கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அவரை மட்டும் அறிந்தவர்கள் சிரிப்பார்கள், மணப்பெண் வீட்டார் வெளியே நிற்பார்கள்.

முடிவில் மூன்று படிகள். 'இஷ் வ்யூன்ஷெ ஓய்ஷ் ஆலெஸ் கூட்டெ': உங்கள் இருவருக்கும் எல்லா நன்மையும் வாழ்த்துகிறேன். 'லாஸ்ட் உன்ஸ் டாஸ் க்ளாஸ் எர்ஹேபென்': கோப்பையை உயர்த்துவோம். இதைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நாற்காலிகள் நகர, எல்லோரும் கோப்பையைக் கையில் எடுக்க நேரம் வேண்டும். பிறகு தெளிவாக, 'ஔஃப் டாஸ் ப்ரௌட்பார்! ட்ஸும் வோல்!' மணமக்களுக்காக என்ற முதல் பாதி யாருக்கு வாழ்த்து என்பதைச் சொல்கிறது. இரண்டாம் பாதி குடிக்கலாம் என்ற அனுமதியைத் தருகிறது. கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லிக் குடிக்கும்.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உருக்கமாகப் பேசி, நன்றி சொல்லி, முடிப்புச் சொல் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டால், கோப்பையைப் பிடித்தபடி பந்தியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். நடுவில் அவசரப்பட்டு ப்ரோஸ்ட் என்றால் பாதிப் பேர் குடித்துவிடுவார்கள். அப்புறம் வரும் உண்மையான வாழ்த்துக்குக் கோப்பை காலியாக இருக்கும். இன்னொரு குழப்பம் 'கெஸுண்ட்ஹைட்' என்ற சொல். ஆரோக்கியம் என்று பொருள் இருப்பதால் கோப்பைக்கும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் தனியாகச் சொன்னால் அது தும்மியவருக்குச் சொல்லும் வார்த்தை.

சொல்லைப் போலவே கண்ணும் முக்கியம். கோப்பையை மோதும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஏழு ஆண்டு இல்லற சுகம் கெடும் என்று ஒரு நம்பிக்கை. அதை விளையாட்டாகச் சொன்னாலும், கண்ணைத் தவிர்ப்பதை அக்கறையின்மையாகவே எடுத்துக்கொள்வார்கள். குனிந்த பார்வையை மரியாதையாகப் பழகியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மோதும்போது அடுத்தவர்களின் கைக்குக் குறுக்கே நீட்டுவதையும் தவிர்ப்பார்கள். ஒயின் கோப்பையைக் காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். உயரமான கோதுமை பீர் கண்ணாடியைத் தடித்த அடிப்பாகத்தில் மோத வேண்டும், விளிம்பு மெல்லியது. எண்பது பேர் இருக்கும் பந்தியில் எல்லோரோடும் மோதக் கிளம்பத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவர்களோடு மோதி, தொலைவில் இருப்பவர்களுக்குக் கோப்பையை உயர்த்தித் தலையசைத்தால் போதும்.

குடிக்காதவர்கள் இதிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'அப்ஃபெல்ஷோர்லெ' எந்தக் கல்யாணத்திலும் கிடைக்கும். மதுவில்லாத ஸெக்ட்டும் வைப்பதுண்டு. வெறும் தண்ணீரால் மோதுவது ராசியில்லை என்று சிலர் நினைப்பதால், ஜூஸ் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருடனும் சேர்ந்து உயர்த்தி, ஒரு மிடறாவது குடித்துவிட்டுக் கீழே வைத்தால் வாழ்த்து முழுமை பெறுகிறது.

உங்கள் பேச்சு முடிந்ததும் மணப்பெண்ணின் தாத்தாவோ மாமாவோ உங்கள் பக்கம் கோப்பையைத் திருப்பி ஏதாவது ஒன்றைச் சொல்வார். அப்போது பதில் யோசிக்க வேண்டாம். அவர் ப்ரோஸ்ட் என்றால் ப்ரோஸ்ட், ட்ஸும் வோல் என்றால் ட்ஸும் வோல். அவர் கண்ணைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்வதுதான் சரியான பதில்.