பழையது நிற்க, புதியது நழுவுவதேன்?

எந்தப் பங்கிலும் இத்தகைய பெரியவர் ஒருவரேனும் இருப்பார். சிறு வயதில் பீடச் சிறுவராக நின்றவர். 1960களின் நடுவில் திருப்பலி தமிழுக்கு மாறும்வரை குருவானவருக்கு இலத்தீனில் சொல்லி வந்த மறுமொழிகளை இன்றும் பிசகின்றி ஒப்புவிப்பார். ஆனால் காலையில் உண்டது இட்லியா, உப்புமாவா என்று கேட்டால் திகைத்து விடுவார். மதுரையிலிருந்து மகன் நேற்று வந்து பார்த்துச் சென்றிருக்க, "அவன் எப்போது வருவான்?" என்று இன்று மூன்று முறை வினவுவார். "வேண்டுமென்றே கேட்கிறார்" என வீட்டார் சலித்துக் கொள்வதும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு முந்தியது நிலைத்திருக்க, நேற்றையது நழுவுவது எங்ஙனம்?

ஞாபகம் என்பது மூளைக்குள் இருக்கும் ஒரே பெட்டி என்று நாம் எண்ணிக் கொள்வதால்தான் இது புதிராகத் தோன்றுகிறது. அப்படி ஒரு பெட்டி இல்லை என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோயால் துன்புற்ற அவருக்கு 1953ஆம் ஆண்டில், 27ஆம் வயதில், ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. இரு பொட்டுகளுக்கும் உட்புறமாக மூளையின் அடியில் உள்ள பகுதிகள் இரண்டு பக்கமும் அகற்றப்பட்டன. ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியும் அவற்றோடு போயிற்று. கடற்குதிரையைப் போல் வளைந்திருப்பதால் அதற்குக் கிரேக்கத்தில் அந்தப் பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பின் அவர் சந்தித்த எவரையும், கண்ட எதையும் மனத்தில் நிறுத்த இயலவில்லை. 2008இல் இறக்கும்வரை அந்நிலை மாறவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு முறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கும்படி சொன்னார். மொலேசன் அதையே மனத்தில் உருட்டிக்கொண்டு, மூன்று இலக்கங்களையும் கூட்டியும் கழித்தும் கால் மணி நேரம் காத்து வைத்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் மறைந்தது. தம்மிடம் எண் ஒன்று சொல்லப்பட்டது என்பதும் உடன் மறைந்தது. மற்றொரு சோதனையில், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாட்களில் அவர் கை நன்கு தேறியது. ஆயினும் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முன்பின் அறியாத புது விளையாட்டே. அவருடைய பிள்ளைப் பருவ நினைவுகளோ பெரும்பாலும் குலையாமல் இருந்தன.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒரு கணம் பிடித்து வைப்பது வேறு, நிலையாகப் பதிப்பது வேறு, கைப்பழக்கமாவது வேறு. ஒரு திருமண விருந்தை எடுத்துக் கொள்வோம். அங்கே கண்ட முகங்கள், கேட்ட பேச்சு, மல்லிகையின் மணம் ஆகியவை மூளையின் மேலுறையில் தத்தமக்குரிய இடங்களில் தனித்தனியே தடம் பதிக்கின்றன. அவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் கட்டும் நூல் ஹிப்போகாம்பஸ். உறக்கத்தில் அந்தத் தடங்கள் மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகின்றன. நாளடைவில் மேலுறை நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இணைப்புகளே வலுப்பெற்று விடுவதால், மிகப் பழைய நினைவுகளுக்கு அந்த நூலின் தேவை குறைகிறது. விடிய விடியப் படித்துவிட்டு உறங்காமலே தேர்வுக்குச் செல்லும் மாணவன் இந்த வேலைக்கு இடம் கொடுப்பதே இல்லை.

பிறவியிலேயே மறதியற்ற மூளை சிலருக்கு உண்டல்லவா என்று கேட்கலாம். சென்னையில் 1957இல் பிறந்து மங்களூரில் வளர்ந்த இராஜன் மகாதேவனை எடுத்துக்காட்டாகச் சொல்வோரும் உண்டு. வட்டக் கணக்கில் வரும் 'பை' என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களை 1981 ஜூலை 5 அன்று அவர் பிழையின்றி ஒப்புவித்து உலகச் சாதனை படைத்தார். பின்னர் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவரைச் சோதித்தனர். எண்களில் ஈடு இணையற்றவராயிருந்த அவர், படத்தில் எந்தப் பொருள் எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கேட்டபோது மற்ற மாணவர்களைவிடச் சிறந்து விளங்கவில்லை. எண்களைப் பொறுத்தவரை அவருடைய திறமையில் ஒரு பங்கு பிறவியிலேயே அமைந்தது என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். ஃபுளோரிடாவில் ஆண்டர்ஸ் எரிக்சன் என்பார் அதை மறுத்தார். இலக்கங்களுக்குப் பதிலாக அறிமுகமில்லாத குறிகளைக் காட்டியபோது, தொடக்கத்தில் இராஜனால் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய ஆறு குறிகளைத்தான் சொல்ல முடிந்தது. பின்பு அக்குறிகளை எண்களாக மாற்றிக் கொள்ளக் கற்றதும் எண்ணிக்கை ஏறியது. எரிக்சன் பக்கமே நியாயம் மிகுந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புதியதைத் தொங்கவிட மனத்தில் ஏற்கனவே முளைகள் அடித்திருந்தால் அது நிற்கிறது. முளை இல்லையேல் விழுகிறது.

இனி நம் அன்றாட மறதிக்கு வருவோம். சோழவந்தானிலிருந்து நாள்தோறும் மதுரைக்கு இரயிலில் வேலைக்குச் செல்பவர், ஊர் நிலையத்தில் தம் வண்டியை நிறுத்திச் செல்கிறார். மாலையில் திரும்பியதும் நேராக, நேற்று நிறுத்திய இடத்துக்கு நடக்கிறார். இன்று நிறுத்தியது அழிந்து போகவில்லை. ஒரே கொட்டகை, ஒரே வண்டி, ஒரே நேரம் என்று நூறு நாட்களின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் இன்றையதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. டயர் வெடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த ஒரு நாள் மட்டும் தெளிவாக நிற்கும். அதற்கு இணையான வேறு நாள் இல்லை. அன்று மனம் பதறியும் இருந்தது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் முதலிய நீர்கள் பதிவை ஆழப்படுத்துகின்றன. சாவியை வைத்த இடம் மறப்பதோ வேறு வகை. வைக்கும்போதே கவனம் வேறெங்கோ இருந்ததால் அது பதியவே இல்லை. பதியாததைத் தேடி என்ன பயன்?

நம் பெரியவரிடம் திரும்புவோம். அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதன் வாயிலாக அமைந்த அண்டைப் பகுதியையுமே. எனவே புதியது உள்ளே புகுவதில்லை; பல்லாயிரம் முறை சொல்லி மேலுறையில் வேரூன்றிய மறுமொழிகளும் செபங்களும் நெடுங்காலம் தப்பியிருக்கின்றன. அவர் மூன்றாம் முறை கேட்பது பிடிவாதத்தால் அல்ல. முதல் இரண்டு விடைகளும் அவருக்குள் சேரவில்லை. "இப்போதுதானே சொன்னேன்" என்று கடிவதைவிட, மகன் வந்த செய்தியையும் மீண்டும் வரும் நாளையும் நாட்காட்டியில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கண்ணெதிரே மாட்டுவது பயன் தரும்.

முதுமையில் பெயர் சட்டென வராமல் சற்று நேரம் கழித்து வருவது இயல்பே. வந்து போனவர் வந்ததே தெரியாதிருத்தல், பழகிய தெருவில் வழி தவறுதல், சில்லறை எண்ண முடியாமல் தடுமாறுதல் ஆகியவை இயல்பல்ல. அப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்; மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு. எல்லாம் அல்சைமர் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடலாகாது. பி12 உயிர்ச்சத்துக் குறைவும், தைராய்டு சுரப்பிக் குறைவும், மனச்சோர்வும், உண்ணும் சில மாத்திரைகளுமே இப்படிப்பட்ட மறதியை உண்டாக்கக்கூடும். முதல் இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து விடலாம். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் நிலை தேறவும் கூடும். மருத்துவரிடம் போகும்போது அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.