மணமகளின் பெயரும் புகுந்த வீட்டு முகவரியும்

திருமணம் முடிந்த சில வாரங்களில் புதுத்தம்பதியர் நம் பங்கு அலுவலகத்தை நாடி வருவது வழக்கம். ஆதார் அட்டையில் மணமகளின் முகவரியை மாற்றத் திருமணச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். அண்மையில் லாஸ்பேட்டைக்கு மருமகளாக வந்த கடலூர்ப் பெண் ஒருவரின் மனு திரும்பி வந்துவிட்டது. காரணத்தை அறியத் தாள்களை ஒருங்கே விரித்து வைத்துப் பார்த்தோம்.

அட்டையில் அவர் பெயர் ஸ்டெல்லா மேரி. திருமணச் சான்றிதழிலோ மரி ஸ்தெல்லா. ஞானஸ்நானப் பதிவேட்டில் பிரெஞ்சு வழக்கப்படி எழுதப்பட்ட பெயரைத் திருமணத்தின்போது அப்படியே பெயர்த்து எழுதியிருந்தனர். ஆள் ஒருவரே என்பதை நாம் அறிவோம். தாளைச் சரிபார்ப்பவர் அறியார்.

புகுந்த வீட்டு முகவரிக்குத் தன் பெயரில் சான்று இல்லாத மணமகள், கணவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி இணையத்தில் மனுச்செய்யலாம். இருவர் பெயரும் உறவும் காணும் சான்று இதற்கு வேண்டும். அது இல்லாவிடில் குடும்பத் தலைவரின் உறுதிமொழிப் படிவமும் ஏற்கப்படும். பின்னர்க் கணவர் 30 நாட்களுக்குள் இணையத்தில் தம் இசைவைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் மனு முடிக்கப்படும், கட்டணமும் திரும்பாது.

இன்னொரு பிழையும் அங்கே மறைந்திருந்தது. இம்முறையில் கணவரின் அட்டையில் உள்ள முகவரியே மனைவிக்கும் பதிவாகும். அவர் அட்டையிலோ முன்பு குடியிருந்த முத்தியால்பேட்டை வாடகை வீடும் 605003 என்னும் அஞ்சல் குறியீடும் இருந்தன. மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவியும் காலிசெய்த வீட்டுக்கே குடிபோயிருப்பார்! ஆதலால் முதலில் கணவர் தம் முகவரியை லாஸ்பேட்டைக்கு, 605008 என மாற்றினார். அதன்பின் உறுதிமொழிப் படிவத்துடன் மனைவி மனுச்செய்தார். காரியம் முடிந்தது.

அப்போது மாமியார், "முன்னெழுத்தையும் மாற்றிவிடலாமே, சாமி" என்றார். முகவரியை மாற்ற வரம்பில்லை. பெயரையோ வாழ்நாளில் இருமுறைதான் மாற்ற இயலும். தந்தையின் முன்னெழுத்தை நீக்கிக் கணவரின் முன்னெழுத்தைச் சேர்ப்பதும் பெயர் மாற்றமே. மணமான பெண் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்று சட்டமும் இல்லை, திருச்சபையும் கேட்பதில்லை. பள்ளிச் சான்றும் வங்கிக் கணக்கும் பழைய பெயரில் இருக்க, அட்டையை மட்டும் மாற்றினால் புதிய முரண்பாடே பிறக்கும். அப்பெண் தம் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரைப் பங்குக் குரு தம் விருப்பம்போல் அடித்துத் திருத்த இயலாது. ஆகவே, ஓலை வாசிப்பதற்கு எழுதிக்கொடுக்க வரும் நாளிலேயே இருவரின் ஆதார் நகலையும் ஞானஸ்நானச் சான்றையும் கொண்டுவாருங்கள். பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். வேறுபாடு தென்பட்டால், கையொப்பம் இடுமுன்பே அதற்கு வழி தேடலாம்.